டாக்டர் அனுப்பிய மெசேஜ்: சொல்லுக்குச் சொல்லா, சுருக்கமா, வரிக்கு வரியா?

பாம்பனில் இருக்கும் பெரியப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, டாக்டர் ஆங்கிலத்தில் அனுப்பிய மெசேஜைத் தமிழில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நாட்டுப்படகில் போகிறவர், வலை இழுத்து இழுத்து இடுப்பு வலி, அதற்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரை, நாள் முழுக்க வெயில், தண்ணீர் குடிப்பது குறைவு. மெசேஜில் இருந்தது இவ்வளவுதான்: ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 1.5, மைல்டாகக் கூடியிருக்கிறது. உடம்பில் நீர் குறைந்ததாலும் வலி மாத்திரையாலும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்துங்கள், 2 வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் கொடுங்கள், சிறுநீர்ப் பாதை அடைப்பை 'ரூல் அவுட்' பண்ண ஒரு ஸ்கேன். இப்போதைக்குப் பதற வேண்டாம். ஆனால் சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ உடனே வாருங்கள்.

சொல்லுக்குச் சொல் மாற்றுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'லேசாக உயர்த்தப்பட்ட கிரியாட்டினின்' என்று வாசித்தால் அவருக்குக் கேட்பது 'கிட்னி' என்ற ஒரே சொல்தான், அப்புறம் டயாலிசிஸ் வரைக்கும் மனசு ஓடிவிடும்.

சுருக்கிச் சொல்வது பாசத்தில் வருவது. என் தம்பி அதைத்தான் செய்தான்: "ஒன்னுமில்ல பெரியப்பா, கொஞ்சம் உப்பு கூடியிருக்கு, தண்ணி நிறையக் குடிங்க." இதில் இரண்டு கோளாறு. 'ஒன்னுமில்ல' என்று டாக்டர் எங்கேயும் சொல்லவில்லை, 'இப்போதைக்கு' என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல் விழுந்தால் 2 வாரப் பரிசோதனையும் விழுந்துவிடும். அடுத்தது அந்த 'உப்பு'. கிரியாட்டினினை நம் ஊரில் உப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது சாப்பாட்டு உப்பு இல்லை. தசையில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா, கருவாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்ந்தார். நிறுத்த வேண்டியது மாத்திரை.

அதனால் நான் மூன்றாவது வழிக்குப் போனேன், இனியும் அதையேதான் செய்வேன்: டாக்டர் சொன்ன வரிசையில், ஒரு வரிக்கு ஒரு வரி, அவர் போட்ட அளவுச் சொல் எதையும் கூட்டாமல் குறைக்காமல். எண்ணைச் சொல்லும்போது ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும் அளவையும் சேர்த்துச் சொன்னேன்: "1.5 இருக்கு, இந்த லேப் போட்டிருக்கிற மேல் எல்லை 1.3, சற்றுத்தான் கூட." 'இருக்கலாம்' என்பதை 'இதனாலதான்' என்று மாற்றவில்லை.

இதில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது 'ரூல் அவுட்', அதாவது ஒரு காரணம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதை ஒதுக்கிவிடுவது. எனக்குத் தெரிந்து மொழிபெயர்ப்பு கவிழ்வது இந்த இடத்தில்தான். "அடைப்பு இருக்கான்னு பார்க்க ஸ்கேன்" என்றால் அவர் காதில் 'அடைப்பு இருக்கு' என்று விழுகிறது. "அடைப்பு இல்லைன்னு உறுதிப்படுத்த ஸ்கேன்" என்றாலோ, இல்லை என்று முடிவாகிவிட்டது, ஸ்கேன் வெறும் சடங்கு, எதற்கு ராமநாதபுரம் வரை பஸ் ஏற வேண்டும் என்று ஆகிவிடும். இரண்டுமே இலக்கணப்படி சரி, இரண்டுமே டாக்டர் சொன்னதைச் சாய்க்கின்றன. ஒரு வாக்கியத்தில் அடங்காது என்று தெரிந்ததும் மூன்றாக உடைத்தேன்: "கிரியாட்டினின் கூடுறதுக்கு அடைப்பும் ஒரு காரணமா இருக்க முடியும். உங்களுக்கு இருக்குன்னும் டாக்டர் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்." நீளம்தான், ஆனால் இரண்டு பக்கமும் சாயவில்லை.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லாரும் தலையாட்டுவார்கள். "பெரியம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். மாத்திரை, ரத்தம், ஸ்கேன் மூன்றையும் சொன்னார், கால் வீக்கத்தை விட்டுவிட்டார். அந்த வரியை மட்டும் திரும்பச் சொன்னேன்.

நான் இப்படிச் செய்தது ரத்தப் பரிசோதனை மெசேஜ்களுக்கு மட்டும்தான். சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி முடிவு போன்ற ஒன்று வந்தால் இந்த வழி போதுமா என்று எனக்கு நிச்சயமில்லை. அங்கே நானே மொழிபெயர்க்காமல், டாக்டரைப் போனில் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்காருவேன்.

கடைசியில் பெரியப்பா, "அப்ப கருவாடு சாப்பிடலாமா?" என்றார். மெசேஜில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் பதில் சொல்லாமல், அவர் கேட்டபடியே டைப் செய்து டாக்டருக்கு அனுப்பினேன்.