வெள்ளைப்பலகைப் படத்தை அரபியாக்க: கேமராவா, வேர்டா, திரும்ப வரைவதா?

ஏமனிலிருந்து வந்து இங்கே பி.ஃபார்ம் படிக்கும் ஒரு மாணவருக்கு, வகுப்பில் எடுத்த வெள்ளைப்பலகைப் படங்களை அரபியில் மாற்றிக் கொடுக்கிறேன். வளைகுடாவில் மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது பழகிய அரபி இப்போது உதவுகிறது. இதற்கு மூன்று வழிகள். போனில் கூகுள் டிரான்ஸ்லேட் கேமராவைக் காட்டலாம். படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்து வேர்டில் அரபியாக்கலாம். இல்லையென்றால் பலகையையே புதிதாக வரையலாம். நான் மூன்றாவது கட்சி. காரணம் அம்புக்குறிதான்.

கேமரா வழி வேகமானது; கிறுக்கல் கையெழுத்தும் பலகையின் பளபளப்பும் அதைக் குழப்பும் என்பது தெரிந்த சங்கதி. வெறும் பட்டியல் என்றால் அதுவே போதும். அம்பு வந்தால்தான் சிக்கல். ரத்த அழுத்தப் பாடத்தில் பலகையில் இருந்த வரி இது:

அழுத்தம் ↓ → ரெனின் ↑ → ஆஞ்சியோடென்சின் 1 → ஆஞ்சியோடென்சின் 2 → ஆல்டோஸ்டிரோன்

கேமரா ஒவ்வொரு சொல்லையும் அது இருந்த இடத்திலேயே அரபியாக ஒட்டினால் அம்புகள் கெடுவதில்லை. ஆனால் அரபி படிப்பவரின் கண் வலப்பக்கம் இறங்கும். அங்கே இருப்பது ஆல்டோஸ்டிரோன், அதாவது கதையின் கடைசி. அம்பைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வேர்டில் இதைவிட மோசம். பத்தியை வலமிருந்து இடமாக மாற்றியதும் சொற்கள் சரியாக இடம் மாறும்: அழுத்தம் வலக்கோடியில், ஆல்டோஸ்டிரோன் இடக்கோடியில். ஆனால் → என்ற எழுத்து திரும்பாது. யூனிகோடு விதிப்படி அடைப்புக்குறிகளும் > குறியும் வலமிருந்து இடமாக ஓடும் வரியில் கண்ணாடிபோல் திரும்பிக்கொள்ளும். → அந்த வகையில் சேராது. அதனால் ஒவ்வொரு அம்பும் பின்னால் இருப்பதிலிருந்து முன்னால் இருப்பதைக் காட்டும். (வேடிக்கை என்னவென்றால், சோம்பலில் -> என்று தட்டியிருந்தால் அது தானாகத் திரும்பியிருக்கும்.)

தலைகீழ் அம்பு உளறலாகத் தெரிந்தால் பரவாயில்லை, மாணவரே கேட்டுவிடுவார். இங்கே அப்படித் தெரியாது. ஆஞ்சியோடென்சின் 2 ரெனினைக் கூட்டுகிறது என்று படித்தாலும் ஏதோ ஒரு பாடம்போலவே இருக்கும். உண்மையில் அது ரெனின் சுரப்பை அடக்கும். அதனால்தான் ஆஞ்சியோடென்சின் 1-ஐ 2 ஆக மாற்றும் ஏ.சி.இ. என்ற நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் ரெனின் ஏறுகிறது. தலைகீழாகப் படித்தவர் இறங்கும் என்று எழுதுவார்.

அம்புகளை எல்லாம் ← என்று மாற்றிவிட்டால் தீருமா? முழு வரியும் அரபியாக இருந்தால் தீரும். ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் சில பெயர்களை ஆங்கிலத்திலேயே விட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு ஆங்கிலப் பெயர்கள் வந்தால், அந்தத் துண்டு மட்டும் அம்போடு சேர்ந்து இடமிருந்து வலமாக ஓடும். ஒரே வரியில் இரண்டு போக்குவரத்து.

ஆகவே நான் சங்கிலியைப் படுக்கையாக எழுதுவதையே விட்டுவிட்டேன். ஒரு வரிக்கு ஒரு படி, நடுவில் ↓. முதல் பெட்டி 'அழுத்தம் குறைகிறது', அடுத்தது 'சிறுநீரகம் ரெனினை விடுகிறது', இப்படியே கீழே. ஒவ்வொரு பெட்டியிலும் மேலே அரபி, அடியில் ஆங்கிலப் பெயர். அம்பின் மேல் எழுதியிருந்த ஏ.சி.இ., இப்போது ↓ பக்கத்தில் உட்காரும். மேலிருந்து கீழ் என்பது இரண்டு மொழிக்கும் பொது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பலகையில் 'கூடுகிறது, குறைகிறது' என்பதற்குப் போட்ட ↑ ↓ குறிகளைச் சொல்லாக எழுதிவிடுங்கள். இல்லையென்றால் படியைக் காட்டும் ↓ எது, குறைவைக் காட்டும் ↓ எது என்று தெரியாது.

அடிக்கோடும் இதில்தான் ஒழுங்காக வருகிறது. அரபியில் பா, யா, ஜீம் போன்ற எழுத்துகளுக்குப் புள்ளி அடியில் இருக்கும். நெருக்கமாகக் கோடு போட்டால் புள்ளி அதில் கரையும். பேராசிரியர் சிவப்பில் அடிக்கோடிட்ட ஏ.சி.இ.க்கும், அதைத் தடுக்கும் மருந்தின் பக்கவிளைவான வறட்டு இருமலுக்கும் கோட்டுக்குப் பதில் மஞ்சள் பின்னணி கொடுத்தேன். பக்கவிளைவுப் பட்டியல் பெரிய வேலையில்லை. வரியை வலப்பக்கம் ஒதுக்கினால் மட்டும் போதாது, பத்தியின் திசையையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணும் முற்றுப்புள்ளியும் தப்பான பக்கம் நிற்கும்.

நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. கேமரா நொடியில் தருவதற்கு இது ஒரு பலகைக்கு அரை மணியாவது கேட்கிறது. அதனால் அம்பில்லாத பலகைகளைக் கேமராவுக்கே விட்டுவிடுகிறேன். முடிந்ததும் மாணவரிடம் தாளைக் கொடுத்து, ரெனின் எதனால் ஏறுகிறது என்று கேட்பேன். விரல் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதே சோதனை. கணக்குப் பலகைகளுக்கு இதே முறை ஒத்துவருமா என்பதை நான் அதிகம் செய்து பார்த்ததில்லை. சில அரபு நாடுகளில் பள்ளிச் சமன்பாட்டையே வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். எனவே முதலில் மாணவர் பள்ளியில் எப்படி எழுதினார் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.