மஞ்சள் மடலும் எழுத்துச் செயலியும்: 14 மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மாதம் ஒரு முறை நாலு பக்கத்தில் ஒரு மடல் போடுகிறது. ஈரோடு மாவட்டத்தில் கொடுமுடி, சிவகிரிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்கள்தான் அதைப் படிப்பவர்கள். எழுதுவது நான். போன வருஷத்திலிருந்து, 14 மாதமாக, முதல் வரைவைச் செயற்கை நுண்ணறிவு எழுத்துச் செயலி ஒன்றில் எடுத்து வந்தேன். என் குறிப்புகளைக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் கட்டுரை வந்துவிடும். எழுத்துப் பிழை இருக்காது. முதல் நாலைந்து மாதம் எனக்குக் குறையே தெரியவில்லை.

குறையைக் காட்டியவர் ஒரு பெரியவர். மாசி மாதம், வேகவைப்பு மும்முரமாக இருந்த நேரம், போன் செய்தார். "அம்மிணி, மடலப் படிச்சனுங்க. நல்லாத்தான் எழுதியிருக்குது. எந்தப் பக்குவத்துல மஞ்சள எறக்கறதுன்னு மட்டும் அதுல இல்லீங்களே?" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். அச்சில் வந்திருந்தது இது:

"அறுவடை செய்த மஞ்சளை முறையாகப் பிரித்து, கவனமாக வேகவைத்து, நன்கு உலர்த்த வேண்டும். இது மஞ்சளின் நிறம், மணம், தரம் ஆகியவற்றை மேம்படுத்துகிறது. மேலும், சரியான பதப்படுத்தல் விவசாயிகளின் வருமானத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. ஒட்டுமொத்தத்தில், முறையான பதப்படுத்தலே சிறந்த விலைக்கு வழிவகுக்கும்."

நான் கொடுத்த குறிப்பு இப்படி இருந்தது: வெட்டி 2, 3 நாளுக்குள் வேகவைக்கணும். விரலியும் கிழங்கும் தனித்தனி, கிழங்கு தடிமன் என்பதால் வேக நேரம் பிடிக்கும். கொப்பரையில் 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். நுரை கட்டி, வெள்ளைப் புகையோடு மஞ்சள் வாசம் வந்தால் இறக்கலாம். மழுங்கின குச்சியால் குத்தினால் இறங்கணும். காய 10 முதல் 15 நாள். காய்ந்தது ஒடித்தால் உலோகம் தட்டின மாதிரிச் சத்தம் வரும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். '2, 3 நாளுக்குள்' என்பதைக் காணவில்லை. 'தனித்தனி' என்பது 'முறையாகப் பிரித்து' ஆகியிருந்தது, அதன் காரணம் போய்விட்டது. ஒரு மணி நேரமும் நுரையும் குச்சியும் சேர்ந்து 'கவனமாக' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. 10 முதல் 15 நாள் என்பது 'நன்கு' ஆகிவிட்டது. அளவு இருந்த இடத்திலெல்லாம் ஒரு வினையடை உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எந்த வரைவைப் படித்தாலும் முதலில் 'முறையாக', 'சரியாக', 'உரிய' என்ற சொற்களைத்தான் தேடுகிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் என் குறிப்பில் இருந்த ஓர் எண்ணோ காரணமோ தொலைந்திருக்கும்.

மும்மூன்றாக அடுக்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாக அடுக்குவது தமிழுக்குப் புதிதல்ல. இயல் இசை நாடகம் என்றுதான் நாம் படித்தோம். அங்கே மூன்றும் வேறு வேறு, ஒன்றை எடுத்தால் ஓர் இடம் காலியாகும். 'நிறம், மணம், தரம்' அப்படியல்ல. நிறமும் மணமும் நன்றாக இருப்பதைத்தானே தரம் என்கிறோம்? மூன்றாவது சொல் ஓசைக்காக வந்திருக்கிறது. நான் செய்வது ஒரே சோதனை: மூன்றாவதை அடித்துவிட்டுப் படிப்பேன். ஒன்றும் குறையவில்லை என்றால் அது நிரப்புச் சொல். பிறகு இரண்டாவதையும் அடித்துப் பார்ப்பேன்.

'மேலும்' என்ற சொல்லில்தான் எனக்கு அதிக நேரம் போனது. 'மேலும்', 'அதுமட்டுமின்றி', 'இதனுடன்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் வந்துகொண்டே இருக்கும். அந்த வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பொருள் கெடாது. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை என்று அதில் தெரிந்துவிடும். தமிழில் தொடர்பு பெரும்பாலும் வினையின் வாலிலேயே இருக்கிறது. 'வெந்ததும்' என்றால் வரிசை. 'வெந்தால்' என்றால் நிபந்தனை. 'வேகாததால்' என்றால் காரணம். கொப்பரை பக்கத்தில் நிற்கிற ஆள் "நுரை கட்டினதும் ஒண்ணு எடுத்துக் குத்திப் பாத்து, எறங்குனா எறக்கிருங்க" என்று ஒரே மூச்சில் சொல்வதில் நாலு வேலை கோத்துக்கொண்டு வருகிறது, ஒரு 'மேலும்' இல்லை. செயலி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வினைமுற்றுப் போட்டு வெட்டிவிட்டு, வெட்டின இடத்தில் 'மேலும்' என்று ஒட்டுப் போடுகிறது.

கடைசி வரி இன்னும் சிரமம், ஏனென்றால் அதில் தவறே இல்லை. 'ஒட்டுமொத்தத்தில், முறையான பதப்படுத்தலே சிறந்த விலைக்கு வழிவகுக்கும்.' மஞ்சளை எடுத்துவிட்டு வெல்லம் என்று போட்டாலும் சரி, கொப்பரைத் தேங்காய் என்று போட்டாலும் சரி. எதற்கும் பொருந்துகிற வரி மஞ்சள்காரருக்கு ஒன்றும் சொல்வதில்லை. அதைவிட, உறுதியான குரலில் முடிவதால், மேலே விடுபட்டது எதுவும் படிக்கிறவர் கண்ணில் படாமல் போகிறது. நானே அப்படித்தான் அச்சுக்கு அனுப்பினேன்.

ஏன் இப்படி வருகிறது என்றால், செயலி அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகமோ அதை நோக்கித்தான் போகும். 'வேகவைத்து' என்பதற்கு முன்னால் 'கவனமாக' ஆயிரம் இடத்தில் வந்திருக்கும், 'மழுங்கின குச்சி' எங்கோ ஓரிடத்தில்தான். அதற்கு மேல், மனிதர்கள் மதிப்பெண் போட்டுப் பழக்கியிருப்பதால், முழுமையாகத் தோன்றுகிற பதில் பக்கம் அது சாய்ந்திருக்கிறது.

கட்டளையிட்டும் பார்த்தேன். மூன்றாக அடுக்காதே என்றால் இரண்டிரண்டாக அடுக்கியது. 'மேலும்' வேண்டாம் என்றால் 'இதன் தொடர்ச்சியாக' வந்தது. 'எண்கள் எதையும் விடாதே' என்றபோது கொஞ்சம் பலன் இருந்தது: எண்கள் தங்கின, காரணங்கள் அப்போதும் போயின. கொப்பரைக்குச் சொன்ன 45 நிமிஷத்தை ஒருமுறை நீராவிக் கொதிகலனுக்கும் சேர்த்து எழுதிவிட்டது. அதற்கு நேரம் வேறு. அதைப் பார்த்துப் போட்டிருந்தால் ஒரு லோடு மஞ்சள் குழைந்து நிறம் கெட்டிருக்கும்.

இந்த அடையாளங்களை வைத்து ஆளைப் பிடிக்கப் போகாதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு எழுதிய கட்டுரையில் 'மேலும்' எட்டு இடத்தில் இருந்தது. செயலியில் எடுத்தது என்று ஒருவர் சந்தேகப்பட்டார். ஆசிரியர் தன் கையால் எழுதின தாள் என்னிடம் இருக்கிறது. கண்டுபிடிக்கும் கருவிகளையும் நம்ப முடியாது: ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருஷம் ஜூலையில் திரும்பப் பெற்றது. யார் எழுதினாலும் நான் தேடுவது விடுபட்ட அளவைத்தான்.

இப்போது செயலியை எழுத்துப் பிழை பார்க்கவும், பேச்சுப் பதிவை எழுத்தாக்கவும் மட்டும் வைத்திருக்கிறேன். முதல் வரைவு என் கையில். நேரம் பிடிக்கிறது, முன்பு அரை நிமிஷம் ஆனதற்கு இப்போது ஒரு முழு மத்தியானம். அடுத்த மடலில் அந்தப் பத்தியைத் திருத்தி மறுபடி போட்டோம்:

"வெட்டி மூணு நாள் தாண்டாமல் வேகவையுங்கள். கிழங்கு தடிமனாக இருப்பதால் விரலியோடு சேர்த்துப் போட்டால் விரலி குழைந்துவிடும், தனித்தனியாகப் போடுங்கள். கொப்பரையில் 45 நிமிஷம் ஆனதும் பார்க்கத் தொடங்குங்கள். நுரை கட்டி வெள்ளைப் புகையில் வாசம் வந்தால், ஒன்றை எடுத்து மழுங்கின குச்சியால் குத்துங்கள். இறங்கினால் இறக்கிவிடலாம். கொதிகலனுக்கு இந்த நேரம் பொருந்தாது."

பெரியவர் திரும்ப போன் செய்தார். குச்சி எவ்வளவு தடிமன் இருக்கணும் என்று கேட்டார்.