தினசரி போட ரெண்டு பவுன் தாலிச் செயின்: சில வருஷம் போட்ட அனுபவம்

தாலிச் செயின் எங்கே அறும் என்று கேட்டால் பலரும் கழுத்துக்குப் பின்பக்கம் என்பார்கள். தினமும் போடுகிறவர்கள் கழற்றி உற்றுப் பார்த்தால் வேறு கதை தெரியும். தாலி உருவின் வளையம் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓடுகிற அந்த மூன்று நான்கு இஞ்சுதான் முதலில் தேயும். அடுத்தது கொக்கி. மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும்.

எங்கள் மதினியின் செயினில் இதைக் கண்ணால் பார்த்தேன். பார்க்கப் பெருத்த முறுக்குச் செயின், கையில் எடுத்தால் கனமே தெரியாது. வளையம் படும் இடத்தில் அறுந்துவிட்டது. மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கத்துச் சந்தில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனோம். அவர் அறுந்த கண்ணியை லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினார். உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம், சுற்றிலும் தகடு மட்டும். "இது ஹாலோம்மா. மேல் தோல் தேஞ்சா முடிஞ்சுச்சு. நெருப்புக் காட்டுனா பக்கத்துக் கண்ணியும் சேந்து உருகிரும்" என்றார். எப்படியோ பற்றவைத்துக் கொடுத்தார், ஆனால் அந்த இடம் விறைத்துப்போய் முறுக்கு மடங்கவே இல்லை. கொஞ்ச நாளில் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி அறுந்தது.

எனக்கு இலேசாகவும் வேண்டும், உறுதியாகவும் வேண்டும். வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். குனிந்தால் செயின் முன்னால் தொங்கும், நூல் பிசிறு மாட்டும், கைப்பிள்ளை பிடித்து இழுக்கும். இலேசு என்றதும் கடைக்காரர்கள் ஹாலோ தட்டைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இலேசைத் தேட வேண்டிய இடம் நீளம்தான், ஹாலோ இல்லை.

கணக்கு ரொம்பச் சின்னது. ரெண்டு பவுன் என்றால் 16 கிராம். அதையே 30 இஞ்சுக்கு இழுத்தால் இஞ்சுக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் கூட, 0.53 வரும். 24 இஞ்சில் நிறுத்தினால் 0.67. அதாவது 24 இஞ்சு ரெண்டு பவுன் செயினில் கண்ணிக்குக் கிடைக்கிற கனம், 30 இஞ்சில் ரெண்டரைப் பவுன் போட்டால்தான் கிடைக்கும். நீளம் குறைந்ததால் குனியும்போது மெஷின் மேல் போய் இடிப்பதும் நின்றது. ஒரே மாடலில் ரெண்டு செயினை ஒப்பிடத்தான் இந்த வகுத்தல் உதவும். கோதுமைச் செயினையும் தட்டைக் கண்ணிச் செயினையும் இதை வைத்து எடைபோட முடியாது.

மாடலில் நான் எடுத்தது சாதாரணக் கண்ணிச் செயின், ஹாலோ இல்லாத கட்டிக் கம்பியில் செய்தது. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, எல்லாம் ஒரே வாட்டத்தில் திருகித் தட்டையாகப் படுத்திருக்கும். பார்க்கப் பெரிய அழகில்லை, அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் தட்டையாகக் கிடப்பதால் தானாக முறுக்கிக்கொள்வது அரிது. ஒரு கண்ணி போனாலும் அதை மட்டும் எடுத்துப் புதிது போட்டுப் பற்றவைக்கலாம். பாம்புச் செயின் வழுவழுப்பாக இருக்கும், முடி மாட்டாது, உண்மைதான். ஆனால் தூக்கத்தில் ஒருமுறை மடங்கினால் மடிப்பு நிரந்தரம். பற்றவைத்தால் பற்றுப்பொடி உருகி உள்ளே ஓடி அந்த இடம் குச்சியாகிவிடும். கோதுமைச் செயின் இரண்டுக்கும் நடுவே. நன்றாக வளையும், சிக்காது, கட்டியாகக் கிடைத்தால் எடுக்கலாம். அறுந்தால் பின்னலைச் சேர்ப்பதற்குப் பொறுமையான கை வேண்டும்.

கட்டியா ஹாலோவா என்பதை முத்திரை சொல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. குறியீடு இருந்தால்தான் விற்கலாம். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு 916 தானா என்று பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான், சுத்தம் தெரியும், உள்ளே வெற்றிடமா என்பது அதில் தெரியாது. ஹாலோவா என்று வாய்விட்டுக் கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உருவத்துக்கு எடை இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

இப்போது முக்கியமான இடம், அந்தத் தேயும் மூன்று இஞ்சு. தாலி பிரித்துக் கோர்த்தபோது தாலி, குண்டு, காசு எல்லாவற்றையும் நேரே செயினில் கோர்த்திருந்தோம். உருக்கள் தூக்கத்தில் பிடரிக்குப் போய்விடும். காலையில் செயினும் முடியும் குண்டும் ஒன்றாகச் சுற்றிக் கிடக்கும். பிறகு அதே பத்தரிடம் சொல்லி நடுவில் ஒன்றரை இஞ்சுக்கு வளைந்த கட்டிக் கம்பி ஒன்று வைத்தேன். உருக்கள் அதில் மட்டும்தான் இருக்கும், ரெண்டு முனையிலும் வளையம், அந்த வளையங்களில் செயினின் ரெண்டு பாதி. கம்பி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கனம், எடை ஒரு கிராமுக்குள் அடங்கியது. உருக்கள் ஓட இடமில்லாததால் சிக்கல் முக்கால்வாசி போயிற்று. உரசல் முழுக்கக் கம்பி மேல் விழுவதால் செயின் கண்ணிகள் தப்பின. கம்பி தேய்ந்தால் கம்பியை மாற்றினால் போதும். செயினை நடுவில் பிரிப்பதா என்று அத்தை முகம் சுளித்தார். பத்தர்தான் சமாதானம் சொன்னார். வேலை முடியும்வரை மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கொண்டேன்.

கொக்கிக்கு வருவோம். எஸ் கொக்கியைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் நம்மிடம் நிறைய. 22 காரட் மெத்தென்று இருக்கும், வளைத்து வளைத்துத் திறந்தால் ஒரே இடத்தில் இறுகிப்போய் முறியும். நான் கழற்றுவதையே குறைத்துவிட்டேன். பிள்ளை இழுத்தால் செயின் அறுவதற்கு முன் கொக்கி வாய் திறக்கும். அது ஒரு வகையில் நல்லது, ஆனால் தவறி விழுந்தால் போச்சு. அதனால் கொக்கியின் ரெண்டு பக்க வளையத்தையும் சேர்த்து மெல்லிய மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று ஊரே தாலிக்கயிறு மாற்றும்போது இந்த நூலையும் மாற்றிவிடுவேன்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. மஞ்சள், எண்ணெய், சோப்பு மூன்றும் கண்ணிக்குள் இறுகினால் செயின் விறைத்து முறுக்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் மறுபடி ஓடும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் வேலை இருந்தால் செயினைக் கழற்றி வைத்துவிடுங்கள், பற்றுவைத்த இடங்களை அது அரிக்கும்.

தேய்வைப் பார்க்க ஒரு வழி: செயினை மேசைமேல் நீட்டி அளந்து வையுங்கள். கண்ணியின் உள்வளைவு தேயத் தேயச் செயின் நீளும். ஒரு கால் இஞ்சு கூடியிருந்தால் பத்தரிடம் காட்ட நேரம் வந்துவிட்டது. என்னுடையது இன்னும் 24-ல்தான் இருக்கிறது, ஆனால் கம்பியில் தாலி வளையம் படும் இடத்தில் நகத்தால் தடவினால் தெரிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. குப்புறப் படுத்தால் கம்பி நெஞ்சில் குத்தவும் செய்கிறது. அடுத்த முறை மாற்றும்போது வளைவை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்ல வேண்டும்.