ஸ்டோர்ஸில் இருப்புத் துல்லிய சதவீதம்: மூன்று வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

கோயம்புத்தூரில் பம்ப் செட் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. பேரிங், ஷாஃப்ட், சீல், கெப்பாசிட்டர், வைண்டிங் ஒயர், நட்டு போல்ட் என்று ஏறக்குறைய 400 அயிட்டம். மூன்று வருடத்துக்கு முன்புவரை எங்களுக்குத் தெரிந்த ஒரே துல்லியக் கணக்கு, வருடக் கடைசி ஸ்டாக் எடுப்பில் வரும் ரூபாய் வித்தியாசம்தான். அந்த வருடம் புத்தகப்படி 82 லட்சம், எண்ணியதில் 11,000 ரூபாய் குறைவு. 99.87 சதவீதம் சரி என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த வாரமே 6203 பேரிங் இல்லாமல் அசெம்பிளி அரை நாள் நின்றது. கம்ப்யூட்டரில் 46 இருந்தது, அதைப் போட்டு வைக்கும் ‘பின்’ தொட்டியில் 6தான் இருந்தது. 6204 பேரிங்கோ கணக்கைவிட 38 அதிகம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து பின், பெட்டியும் ஒரே நிறம். ஒன்றின் குறைவை இன்னொன்றின் கூடுதல் விழுங்கிவிட்டதால் மொத்த ரூபாயில் எதுவும் தெரியவில்லை. கணக்குப்பிள்ளைக்கு அந்த 99.87 போதும், அசெம்பிளியில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அப்போதுதான் அயிட்டம் வாரியாகப் பார்க்க ஆரம்பித்தோம். எண்ணிய அயிட்டங்களில் எத்தனை கணக்கோடு ஒத்துப்போகின்றன என்று பார்த்து, அதை எண்ணிய மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ஸ்டாக் எடுப்புத் தாளையே வைத்து அப்படிப் போட்டேன். 400 அயிட்டத்தில் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனவை 252. ஆக 63 சதவீதம். முதலாளியிடம் காட்ட இரண்டு நாள் தயங்கினேன்.

ஆனால் அந்த 63-ம் முழு உண்மை இல்லை. எம்8 வாஷரை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறை எண்ணி எடை போட்டு, மூட்டையின் எடையை அதால் வகுக்கிறோம். 20,000 வாஷரில் 300 கூடக் குறையத்தான் வரும். அதைத் தப்பு என்றால் எடை போடும் முறையையே தப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். இவ்வளவு வித்தியாசம் வரை சரி என்று விடும் டாலரன்ஸ் தேவைப்படுவது இங்கேதான். நிறைய இடங்களில் விலை உயர்ந்த ஏ வகைக்கு 0.2, பி வகைக்கு 1, சி வகைக்கு 5 சதவீதம் என்று வைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். சீக்கிரமே ஒரு இடறல். ஒரு சீல் எட்டே எட்டு இருக்கும்போது 5 சதவீதம் என்பது 0.4. அரைகுறை சீலை எங்கே போய் எண்ணுவது? அதனால் விலையை மட்டும் பார்க்காமல் எப்படி அளக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தோம். கையால் எண்ணுவதற்கு டாலரன்ஸ் பூஜ்யம், விலை எதுவாக இருந்தாலும் சரி. தராசில் போடும் ஒயருக்கு 1 சதவீதம், எடை வைத்து எண்ணும் வாஷர் வகைக்கு 3, அளவுக்கோல் விட்டுப் பார்க்கும் வார்னிஷ் டிரம்முக்கு 5.

ஷீட்டில் சி பத்தி கணக்கு இருப்பு, டி எண்ணியது, இ டாலரன்ஸ்:

```
=IF(ABS(D2-C2)<=C2*E2,1,0)
```

பழைய தாளில் இதைப் போட்டால் இன்னும் 71 அயிட்டம் உள்ளே வந்தது. 323, அதாவது 81 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. மீதி 77-தான் நிஜப் பிரச்சினை.

இந்த எண்ணை ஏமாற்றுவது மிகச் சுலபம். ஒரு முறை நான் லீவில் இருந்தபோது பேரிங்குக்கு யாரோ 2 சதவீதம் டாலரன்ஸ் போட்டுவிட்டார்கள். மாத எண் 88-லிருந்து 93 ஆனது, ஷெல்ஃபில் ஒரு பேரிங்கூட இடம் மாறவில்லை. அதிலிருந்து இ பத்தி பூட்டியிருக்கிறது, எண்ணுவதற்கு முன்பு மட்டும்தான் திறப்போம். இன்னொரு விஷயம், வாரத்துக்கு 20 அயிட்டம்தான் எண்ணுகிறோம். ஒன்று தப்பினால் 5 சதவீதம் போய்விடும். அதனால் வார எண்ணைப் பார்த்து யாரையும் திட்டுவதில்லை, மூன்று மாதத்தைச் சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

டாலரன்ஸைத் தாண்டினால் உடனே கணக்கைத் திருத்துவதில்லை. முதலில் வேறொருவர் மறுபடி எண்ணுவார், அவர் தாளில் கணக்கு இருப்பு இருக்காது. எண் தெரிந்தால் கை அந்த எண்ணுக்கே போய் நின்றுவிடும். அப்புறம் பக்கத்து பின்கள், சரக்கு கொடுத்தும் பதியாத இஷ்யூ சிலிப், இன்ஸ்பெக்‌ஷனில் கிடக்கும் சரக்கு. எங்கள் 77-இல் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு, முதல் இஷ்யூவுக்கு முன்பு எண்ண ஆரம்பித்ததும் சிலிப் தொல்லையும் குறைந்தது. அதற்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், கடைசியாகச் சரியாக இருந்த எண்ணிக்கை வரை ஒவ்வொரு பதிவாகப் பின்னால் போவோம். 2,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை என்றால் அதையும் செய்வதில்லை. திருத்திவிட்டு எழுதி வைப்போம்.

எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டியது செம்பு ஒயர். மாதாமாதம் எண்ணுவோம், இருப்பு 400 கிலோவை ஒட்டி இருக்கும், டாலரன்ஸ் 4 கிலோ. தொடர்ந்து நான்கு மாதம் வந்த வித்தியாசம்: 2, 1.5, 2.5, 3 கிலோ. நான்கும் டாலரன்ஸுக்குள். நான்கு மாதமும் ஷீட் அதற்கு 1 போட்டது, சதவீதத்தில் அது சரியான அயிட்டம். ஒவ்வொரு மாதமும் கணக்கைத் திருத்திவிட்டு நகர்ந்தோம்.

ஸ்டோர்ஸ் பையன்தான் கண்டுபிடித்தான். “அண்ணா, எல்லா மாசமும் கம்மியாவே வருதுங்க. அதுவும் அரை அரை கிலோவா வருதுங்க.”

தராசின் பிழையாக இருந்தால் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். ஒரே பக்கம் நான்கு முறை விழுந்தது என்றால் எங்கோ ஒரு பழக்கம் இருக்கிறது. செம்பு என்றதும் எல்லோருக்கும் திருட்டு நினைவுதான் வந்தது. எனக்கும்தான். வைண்டிங் செக்‌ஷனில் போய் ரிட்டர்ன் சிலிப்புகளை எடுத்துப் பார்த்தோம். பாதி சுற்றிய ஸ்பூலைத் திருப்பி அனுப்பும்போது ஸ்பூலோடு சேர்த்து எடை போட்டு அப்படியே எழுதியிருக்கிறார்கள். காலி பிளாஸ்டிக் ஸ்பூலின் எடை சரியாக அரை கிலோ. நான்கு மாதத்தில் திரும்பி வந்த பாதி ஸ்பூல்கள் 18, மொத்தக் குறைவு 9 கிலோ. கணக்கில் ஏறியது ஒயர் அல்ல, பிளாஸ்டிக். செம்பு எங்கும் போகவில்லை, மோட்டாருக்குள்தான் இருந்தது. மோட்டாரின் செலவில் குறைவாகக் காட்டிவிட்டு, ஸ்டோர்ஸ் தலையில் நஷ்டமாக எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்போது ரிட்டர்ன் சிலிப்பில் ஸ்பூல் எடைக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஷீட்டில் வித்தியாசத்தைக் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதும் பத்தி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மூன்று முறை ஒரே குறி வந்தால், டாலரன்ஸுக்குள் இருந்தாலும், 2,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் தேடிப் போகிறோம்.

துல்லியம் இப்போது 94-95-இல் நிற்கிறது. 6203-ஐயும் 6204-ஐயும் வேறு வேறு ரேக்குக்கு மாற்றியது இதில் பெரிய பங்கு. வார்னிஷ் டிரம் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது: ஒரு மாதம் 3 லிட்டர் கூடும், மறு மாதம் 4 லிட்டர் குறையும். குறி மாறி மாறி வருவதால் அதை நாங்கள் தோண்டுவதில்லை.