கடைசி வாரத்தில் "பங்காகவே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

மருந்துகளைக் குளிர்பதனத்தில் வைத்து விநியோகிக்கும் ஒரு சிறிய கம்பெனியை வாங்கினேன். முதலில் பேசியது சொத்து விற்பனை. குளிர்சாதனங்கள், வண்டிகள், வணிகப் பெயர், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் என்று பட்டியல் போட்டு, அவற்றை மட்டும் என் கம்பெனி வாங்குவதாக ஏற்பாடு. பழைய கம்பெனியும் அதன் கடன்களும் விற்றவரிடமே இருக்கும். ஆய்வும் அதற்கேற்பத்தான் நடந்தது: இயந்திரங்கள் ஓடுகின்றனவா, அவற்றின் மீது அடமானம் உண்டா என்று பார்த்தார்கள்.

கையெழுத்துக்குச் சில நாள் முன்பு இடைத்தரகர் வந்தார். "சொத்தாக வாங்கினால் லைசென்ஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்கணும், ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சம்மதம் வாங்கணும். பங்குகளை வாங்கிவிடுங்கள், எல்லாம் தானாக வந்துவிடும். விலை அதேதான்." என் வழக்கறிஞரும் "காகிதம்தான் மாறுகிறது" என்றார்.

மாறியது காகிதம் மட்டுமல்ல. பங்கை வாங்கும்போது கம்பெனி அப்படியே இருக்கிறது, உரிமையாளர் மட்டும்தான் மாறுகிறார். கம்பெனி பெயரில் உள்ள வரி பாக்கி, வழக்கு, பிறருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து எதுவும் அதைவிட்டு நகராது. எனவே ஆய்வையும் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நடந்ததோ, இயந்திரங்களைச் சோதித்த அறிக்கையையே பங்கு ஒப்பந்தத்துக்கும் வைத்து முடித்தார்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. விற்றவருக்கு இன்னொரு தொழில் உண்டு. அதன் கடனுக்கு இந்தக் கம்பெனியை ஜாமீன் நிறுத்தியிருந்தார். அந்தத் தொழில் தவணை கட்டாமல் விட்டதும் வங்கி எங்களிடம் கேட்டது. நான் கொடுத்த விலை 100 என்றால், கேட்ட தொகை 40. இத்தகைய ஜாமீன் கடனாக மாறும்வரை பெரும்பாலும் இருப்புநிலைக் குறிப்பின் எண்களில் வராது. கணக்கின் கடைசிப் பக்கக் குறிப்புகளில் ஒரு வரியாக இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். இயக்குநர் கூட்டத் தீர்மானங்களைப் படிப்பதும், வங்கியிடமே எழுத்தில் கேட்பதும்தான் கண்டுபிடிக்கும் வழி. சொத்தாக வாங்கியிருந்தால் இந்த ஜாமீன் பழைய கம்பெனியோடு நின்றிருக்கும்.

அப்புறம் அந்த "தானாக வரும்" கதை. எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் தரும் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் ஒரு விதி: கம்பெனியின் கட்டுப்பாடு கைமாறினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் 30 நாள் அவகாசத்தில் அவர்கள் விலகலாம். யாரும் தெரிவிக்கவில்லை. அதைக் காட்டியே விலையைக் குறைத்துப் பேசினார்கள், ஒப்புக்கொண்டோம். லைசென்ஸ் கம்பெனி பெயரில் இருந்தது உண்மைதான். ஆனால் பொறுப்பாளராகப் பதிவாகியிருந்தவர் விற்றவர். அவர் விலகியதும், தகுதியுள்ள இன்னொருவரை அதிகாரிகள் ஏற்கும்வரை புதுச் சரக்கு எடுக்க முடியவில்லை.

விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமே என்பீர்கள். "மறைமுகக் கடன் எதுவும் இல்லை" என்று உறுதி கொடுத்திருந்தார். ஆனால் அதே ஒப்பந்தத்தில், கோரிக்கையை மூன்று மாதத்துக்குள் எழுப்ப வேண்டும், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது என்றும் இருந்தது. மோசடி என்று நிரூபித்தால் அந்த வரம்பு நிற்காது என்கிறார் இப்போதைய வழக்கறிஞர். நிரூபிக்கத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். பணம் முழுவதும் முதல் நாளே கைமாறிவிட்டதால் பிடித்துவைக்கவும் எதுவும் இல்லை.

சொத்து விற்பனை ஒன்றும் கவசம் அல்ல. அடமானத்தில் இருக்கும் இயந்திரம் அடமானத்தோடுதான் வரும். பல நாடுகளில் தொழிலோடு சேர்ந்து ஊழியர்களும் அவர்களுக்கான பாக்கியும் வாங்குபவருக்கே வரும். குத்தகைக்கும் ஒப்பந்தங்களுக்கும் எதிர்த்தரப்பின் சம்மதம் தேவை. லைசென்ஸ் பெரும்பாலும் புதிதாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதுவரை தொழில் நிற்கலாம். லைசென்ஸ்தான் தொழிலின் உயிர் என்றால் பங்காக வாங்குவதே சரியாகவும் இருக்கலாம்.

ஆனால் அது வேறு விலை, வேறு ஆய்வு. விற்பவர் ஏன் மாற்றச் சொல்கிறார் என்று கேளுங்கள். பங்காக விற்றால் பல இடங்களில் அவருக்கு வரி குறையும், பழைய பொறுப்புகளும் கழன்றுவிடும். இந்த இரண்டு லாபமும் அவருக்குப் போகும்போது "விலை அதேதான்" என்பது உங்களுக்குச் சலுகை அல்ல. மாற்றியே ஆகவேண்டும் என்றால், பெயர் சொல்லி எழுதிய ஈட்டுறுதி கேளுங்கள்: வாங்கிய தேதிக்கு முந்தைய வரி, வழக்கு, ஜாமீன் ஆகியவற்றால் வரும் தொகையை முழுக்க விற்றவரே கட்டுவார் என்று. விலையில் ஒரு பகுதியை, வரி அதிகாரிகள் பழைய ஆண்டுகளைத் திறக்கக்கூடிய காலம்வரை, மூன்றாவது ஆளிடம் எஸ்க்ரோவில் வையுங்கள். இதற்கு விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையும் ஆய்வு அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இடைத்தரகருக்குக் கமிஷன் கொடுத்தது விற்றவர்தான், கையெழுத்தான அன்றே.