ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா? டேங்க்கையே மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

போன மாதம் எங்கள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் கசிந்து, காலையில் மேல்தொட்டி பாதிக்கு மேல் காலி. பிளம்பர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். "உள்ளே செட்டே போயிடுச்சு சார், பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது" என்றார். புது டேங்க், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் கொடுத்தேன். பத்தே நாளில் புது டேங்க்கிலும் அதே சத்தம். போன் செய்தால் எடுக்கவில்லை.

அப்புறம்தான் நானே மூடியைத் திறந்தேன். டேங்க்கின் நடுவே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மிதவையைக் கையால் மேலே தூக்கினேன், உடனே நின்றது. அப்படியானால் டேங்க்குக்குள் தண்ணீர் வரும் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது, மிதவையை உயரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மிதவைக்குப் பக்கத்தில் இருக்கும் திருகைத் திருப்பி, குழாயின் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கும்படி இறக்கினேன். சத்தம் போய்விட்டது. கையால் தூக்கியும் நிற்காவிட்டால்தான் தண்ணீர் வரும் வால்வுக்குள் மண்ணோ உப்போ சிக்கியிருக்கும், அல்லது அதன் வாஷர் தேய்ந்திருக்கும்.

பழைய டேங்க்கை நல்லவேளையாக அவர் எடுத்துப் போகவில்லை, மொட்டைமாடியில் கிடந்தது. தண்ணீரைக் கோப்பைக்குள் இறக்கும் அதன் ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பித் தூக்கினால் கழன்று வந்தது. அடியில் இருந்த ரப்பர் வளையத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. எங்களுடையது போர் தண்ணீர். வளையம் சரியாக உட்காராமல், அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வளையத்தை வினிகரில் ஊறவைத்துக் கழுவி, அது உட்காரும் இடத்தையும் துடைத்து, திரும்ப மாட்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை வரை அடியில் ஒரு சொட்டு இல்லை. வளையம் விறைத்துப்போயிருந்தாலும் புதிதாக வாங்கி மாட்டினால் போதும், கடையில் கேட்டபோது 60 ரூபாய் சொன்னார்கள். அந்த உட்காரும் இடமோ டேங்க்கோ விரிசல் விட்டிருந்தால் மட்டும் இந்த வைத்தியம் உதவாது.

அவர் செய்திருக்க வேண்டிய சோதனை இதுதான். டேங்க் நிறைந்ததும் சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் ஃப்ளஷ் வால்வின் வளையம் கசிகிறது. இறங்காமல் அப்படியே இருந்து, காக்கைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ குழாயில் வழிந்தால் கோளாறு மிதவைப் பக்கம். எங்கள் வீட்டில் அவர் காக்கைத் தொடவே இல்லை.

டேங்க்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கொடுத்தனுப்பாதீர்கள்.