பள்ளி வேன் ஆப்பில் ttl, collapse_key: இரண்டு கல்வியாண்டு பயன்படுத்திய அனுபவம்

பெங்களூரில் ஒரு பள்ளி வேன் ஆப்பின் அறிவிப்புப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். முருகேஷ்பாளையா, தொம்மலூர், அல்சூர் பக்கம் ஓடும் வேன்கள். பெற்றோரில் நிறையப் பேர் தமிழ்க் குடும்பங்கள். வேன் நெருங்கும்போது ஒரு அறிவிப்பு, நிறுத்தத்துக்கு வந்ததும் ஒன்று, குழந்தை இறங்கியதும் ஒன்று. ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஃபயர்பேஸின் எஃப்சிஎம் வழியாகவும், ஐபோன்களுக்கு அதே எஃப்சிஎம் மூலம் ஆப்பிளின் ஏபிஎன்எஸ் வழியாகவும் இவை போகின்றன.

இந்த வேலை என் கைக்கு வந்தபோது எந்தச் செய்தியிலும் அதன் ஆயுளைச் சொல்லும் `ttl` இல்லை. அது இல்லாவிட்டால் எஃப்சிஎம் செய்தியை 4 வாரம் வரை பத்திரமாக வைத்திருந்து, போன் எப்போது இணைப்புக்கு வருகிறதோ அப்போது கொடுக்கும். கட்டண ரசீதுக்கு இது நல்ல குணம். "வேன் வந்துவிட்டது" என்பதற்கு இதைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் இருக்கும் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஒரு நாள் இரவு எட்டு மணி வாக்கில் வேன் உதவியாளருக்குப் போன் செய்தார். "அண்ணா, வேன் இப்பத்தான் வந்துச்சா? பாப்பா எங்க?" பாப்பாவைப் பாட்டி மாலை 4:40க்கே வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அம்மா வேலை முடிந்து படியேறி வந்ததும் போனுக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது. மதியத்திலிருந்து தேங்கிக் கிடந்த செய்திகள் மொத்தமாக வந்து விழுந்திருக்கின்றன. அவை அனுப்பிய வரிசையிலேயே வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அன்று மேலே நின்றது "வேன் உங்கள் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது, குழந்தையை அழைத்துக்கொள்ளவும்" என்பது. அந்த ஒரு வரி அவரை எப்படி உலுக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு செய்தியையும் எடுத்து வைத்து, "இது எத்தனை மணிக்குப் பொய்யாகிறது?" என்று கேட்டோம். வேன் 2 கிலோமீட்டரில் இருக்கிறது என்பது அது நிறுத்தத்தைத் தாண்டியதும் பொய். வேன் நிற்கிறது என்பது அது கிளம்பியதும் பொய். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் வைத்தோம். நாளை காலை வேறு வழியில் வேன் வரும் என்பது நாளை காலை ஏழு மணி வரை செல்லும். குழந்தை இறங்கிவிட்டது என்பது எப்போது வந்தாலும் உண்மைதான். அதை அன்று இரவு வரை வைத்துக்கொண்டு, வாசகத்திலேயே "மாலை 4:38க்கு இறங்கினார்" என்று நேரத்தைச் சேர்த்தோம். தாமதமாக வந்தாலும் யாரையும் பதறவைக்காது.

முதலில் குழுவில் சிலர் `ttl` 0 வைக்கலாம் என்றார்கள். 0 என்றால் உடனே கொடு, முடியாவிட்டால் தூக்கிப் போடு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நகரத்தில் போன் அடிக்கடி அரை நிமிடம் இணைப்பை விடும். லிஃப்டில் ஏறினால் விடும், மெட்ரோ சுரங்கத்தில் விடும், வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போதும் விடும். அந்த அரை நிமிடத்தில் வந்த செய்தி போனது போனதுதான். ஐந்து நிமிடம் வைத்தால் லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் கிடைத்துவிடும், அப்போதும் அது உண்மையாகவே இருக்கும். 0 என்பது கைபேசி அழைப்பு மாதிரியான, அந்த நொடிக்கு மட்டும் பொருள் உள்ளவற்றுக்கே சரி.

இப்போது போவது இதுதான். ஆண்ட்ராய்டுப் பக்கம் தரவுச் செய்தி மட்டுமே அனுப்புகிறோம். அறிவிப்பை ஆப்பே வரைந்து காட்டுகிறது.

```json
"android": {
  "ttl": "300s",
  "priority": "HIGH",
  "collapse_key": "van_17"
},
"apns": {
  "headers": {
    "apns-expiration": "1767957300",
    "apns-collapse-id": "van_17"
  }
}
```

இரண்டு பக்கமும் நேரத்தைச் சொல்லும் விதம் வேறு என்பதைக் கவனியுங்கள். `ttl` இன்னும் எத்தனை நொடி என்று சொல்கிறது. கடைசியில் `s` சேர்ந்த சரமாக இருக்க வேண்டும். `apns-expiration` எத்தனை மணிக்குக் காலாவதி என்பதையே சொல்கிறது. மேலே இருக்கும் எண் 2026 ஜனவரி 9, இந்திய நேரம் மாலை 4:45.

ஆப்பிளின் முறைதான் சரியான யோசனை என்பது என் தீர்ப்பு. காரணம் இதுதான்: `ttl` கடிகாரம் எஃப்சிஎம் நம் செய்தியை வாங்கிக்கொண்ட பிறகே ஓடத் தொடங்குகிறது. பள்ளி விடும் நேரத்தில் எல்லா வேன்களும் ஒரே சமயத்தில் நகர்கின்றன, நம் சொந்த வரிசையிலேயே செய்தி எட்டு நிமிடம் காத்துக்கிடக்கலாம். எட்டு நிமிடம் பழசான செய்திக்குப் புதிதாக ஐந்து நிமிட ஆயுள் கொடுத்தால் அது பதின்மூன்றாவது நிமிடத்தில்கூடப் போய்ச் சேரும், எஃப்சிஎம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அதனால் ஜிபிஎஸ் நிகழ்வு வந்த நொடியிலேயே காலாவதி நேரத்தைக் கணக்கிட்டுச் செய்தியோடு எழுதிவிடுகிறோம். அனுப்பும் நிரல் கடைசி நொடியில் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழிக்கிறது. மிச்சம் இருந்தால் அதுதான் `ttl`. பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் அனுப்புவதே இல்லை.

குறைந்த `ttl` வைப்பவர்கள் `priority`யையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 6.0 முதல் போன் சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் பேட்டரியைச் சேமிக்கும் டோஸ் நிலைக்குப் போகும். சாதாரண முன்னுரிமைச் செய்திகள் போன் சற்று விழிக்கும் அடுத்த பராமரிப்பு இடைவெளி வரை காத்திருக்கும். ஐந்து நிமிட ஆயுளோடு காத்திருந்தால் என்ன ஆகும்? வாசல் மேசையில் போனை வைத்துவிட்டு வேனுக்காகக் காத்திருக்கும் பாட்டிக்குச் செய்தியே வராது. வேன் செய்திகளுக்கு `HIGH` இல்லாமல் குறைந்த `ttl` வைக்கவே கூடாது. இதை மேசையிலேயே சோதிக்கலாம்: சார்ஜர் இல்லாத நிலையாக போனை நினைக்கவைக்க முதல் கட்டளை, டோஸுக்குத் தள்ள இரண்டாவது.

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys deviceidle force-idle
```

சரி, `collapse_key`க்கு வருவோம். ஒரே சாவியுள்ள புதிய செய்தி வந்தால், போனுக்குப் போகாமல் தேங்கியிருக்கும் பழையதை எஃப்சிஎம் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். வேன் 17 பற்றி "2 கி.மீ.", "1 கி.மீ.", "வந்துவிட்டது" என்று மூன்று போனாலும், இணைப்பு திரும்பும்போது கடைசி ஒன்றுதான் வரும். இங்கே மூன்று விஷயங்களை விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் நான்கு சாவிகளுக்கு மேல் எஃப்சிஎம் வைத்துக்கொள்ளாது. ஐந்தாவது வந்தால் எந்த நான்கு மிஞ்சும் என்று சொல்லவும் முடியாது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சாவி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சாவி என்று உருவாக்கினால் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த எல்லை சீக்கிரமே முட்டிவிடும். எங்களிடம் வேனுக்கு ஒன்று, வழி மாற்றத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். இரண்டு வேன்களில் பிள்ளைகள் போகும் வீட்டுக்கும் மூன்றோடு நிற்கிறது.

இரண்டாவது, குழந்தை இறங்கிய செய்திக்குச் சாவியே கிடையாது. அதையும் `van_17` என்று அனுப்பினால், அடுத்து வரும் வேன் நிலைச் செய்தி அதை விழுங்கிவிடும். பெற்றோர் உண்மையில் எதிர்பார்ப்பது அந்த ஒன்றைத்தான். தரவுச் செய்தியாக மட்டும் அனுப்புவதற்கும் இதுவே காரணம்: தரவுச் செய்திகள் சாவி கொடுக்காதவரை ஒன்றையொன்று அழிப்பதில்லை, `notification` வகை அப்படியல்ல. சாவியில்லாதவை ஒரு போனுக்கு நூறு வரை தேங்கலாம். தாண்டினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆப்பில் `onDeletedMessages()` அழைக்கப்படும். அப்போது ஆப் எங்கள் சர்வரிடம் நேரே கேட்டுக்கொள்கிறது.

மூன்றாவது, எஃப்சிஎம்முக்குக் கடைசி என்பது அதன் கைக்குக் கடைசியாக வந்தது. சாலையில் கடைசியாக நடந்தது எது என்று அதற்குத் தெரியாது. "1 கி.மீ." செய்தி ஒருமுறை தோற்று மறுமுயற்சியில் போகும்போது, இடையில் "வந்துவிட்டது" முந்திக்கொண்டால், பழையது புதியதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒரே வேனின் செய்திகளை ஒரே வரிசையில், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று அனுப்பத் தொடங்கியதும் இது நின்றது. இணையாகப் பல நிரல்கள் அனுப்பும் அமைப்பில் `collapse_key` மட்டும் போதாது.

அப்புறம் ஒரு வேறுபாடு. `collapse_key` சர்வரில் தேங்கியதை மட்டும்தான் மாற்றும். போன் இணைப்பில் இருந்தால் மூன்று செய்திகளும் வந்து, அறிவிப்புத் திரையில் மூன்றாகவே நிற்கும். அதை ஒன்றாக்க ஆப்பில் `notify()` அழைக்கும்போது அதே `van_17`ஐ டேகாகவும், மாறாத ஒரே எண்ணை ஐடியாகவும் கொடுக்க வேண்டும். ஐபோனில் `apns-collapse-id` இரண்டு வேலையையும் செய்துவிடும். நேரத்துக்கு வந்தும் யாரும் பார்க்காமல் கிடக்கும் அறிவிப்பும் பழசுதானே; ஆண்ட்ராய்டு 8.0 முதல் உள்ள `setTimeoutAfter()` மூலம் வேன் நிலை அறிவிப்பைப் பத்து நிமிடத்தில் திரையிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

இவ்வளவு எதற்கு, ஆப்பே நேரத்தைப் பார்த்துப் பழைய செய்தியைக் காட்டாமல் விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். கடைசிக் காவலாக அதுவும் இருக்கிறது. ஆனால் `HIGH` செய்திகளை வாங்கி வாங்கி எதுவும் காட்டாமல் விடும் ஆப்பின் முன்னுரிமையை எஃப்சிஎம் குறைத்துவிடும். அப்படிக் குறைந்தால் நல்ல செய்திகளும் டோஸில் மாட்டும். பழையதை சர்வரிலேயே சாகவிடுவதுதான் முறை.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு செய்தியிலும் நிகழ்வு நேரத்தை அனுப்பி, போனில் வந்த நேரத்தையும் பதிந்துகொள்கிறோம். எஃப்சிஎம்மின் மொத்தப் புள்ளிவிவரத்தில் `collapsed`, `droppedTtlExpired` என்ற இரண்டையும் பார்க்கிறேன். காலாவதியானவை திடீரென்று ஏறினால் முதலில் எங்கள் வரிசையைத்தான் சந்தேகப்படுவேன். வரிசை சரியாக இருந்தால் ஐந்து நிமிடம் போதவில்லை என்று பொருள்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. சில போன்களில் அமைப்புகளுக்குள் போய் ஆப்பை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி திறக்கும்வரை எந்தச் செய்தியும் சேராது, `ttl` எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. இறங்கிய செய்தி அரை மணி நேரத்தில் போன் வரை போனதாகத் தெரியாவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறோம்.